காம்போசிஷன் கடைக்கு எந்த பில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறு வணிகருக்கு ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் திட்டமே எளிது என்ற கட்டுரையை ஏற்கிறேன். ஆனால், பில் மாறுவதை அது சொல்லவில்லை. நான் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். பதிவின்போது இத்திட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வரிப் பத்தி உள்ள பில் புத்தகத்தை அச்சடித்தேன், அத்தனையும் வீண். நாங்கள் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. ‘பில் ஆஃப் சப்ளை’தான் தர வேண்டும், வரி வசூலிக்கத் தகுதியற்றவர் என்று அதன் தலைப்பில் குறிப்பிட வேண்டும். விற்பனையில் 1 சதவீத வரி எங்கள் கையிலிருந்து போகிறது. அந்த பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காததால், வழக்கமாக வாங்கிய ஒப்பந்ததாரர் வேறு கடைக்குப் போய்விட்டார்.

காலாண்டுக்கு ஒரு CMP-08, ஆண்டுக்கு ஒரு GSTR-4 என்பது நிம்மதிதான். பதிவுப் பக்கத்திலேயே தமிழில் மாதிரி பில் ஒன்றைக் காட்டினால் பலர் தப்பிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு பெயின்ட் வியாபாரி, ஈரோடு