விடியற்காலையில் வரும் லாரி



ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத முடியாமல் மூன்று வாரம் மேசையிலேயே வைத்திருந்தேன். எழுதிய சகோதரியிடம் கேட்டுக்கொண்டு, ஊரையும் அடையாளங்களையும் விட்டுவிட்டு இங்கே சொல்கிறேன்.

குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டு இரவு வேனில் திரும்பியிருக்கிறார்கள். எதிரே வந்த லாரி மோதிவிட்டது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. இவருக்குத் தோள்பட்டை நழுவியது. கட்டுப்போட்டு அது சரியாகிவிட்டது. ஆனால் இரண்டரை மாதமாக, வாரத்தில் நான்கைந்து நாள், விடியற்காலை மூன்று மணிக்கு மேல் அதே லாரி கனவில் வருகிறது. அதே விளக்கு வெளிச்சம், அதே ஹாரன், முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருக்கும் அதே கை. மோதுவதற்கு ஒரு நொடி முன்னால் விழித்துக்கொள்கிறார். "விடியற்காலைக் கனவு பலிக்கும் என்கிறார்களே, சார். இன்னொரு விபத்து வரப்போகிறதா? என்ன பலன் என்று போடுங்கள்" என்று கேட்டிருந்தார். கணவரை நான்கு நாள் வேலைக்கே அனுப்பவில்லையாம்.

அவர் ஏன் நம்மிடம் கேட்டார் என்பதை நான் மறைக்கக் கூடாது. பல வருஷங்களுக்கு முன் இந்த இதழில் கனவுப் பலன் பகுதி வந்துகொண்டிருந்தது. பாம்பு துரத்தினால் இது, பல் விழுந்தால் அது என்று நாமும் எழுதினோம். அந்தப் பழைய இதழ் ஒன்று அவர் வீட்டுப் பரணில் இருந்திருக்கிறது.

முதலில் அந்த விடியற்காலையைப் பார்த்துவிடுவோம். உறக்கம் இரவு முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. மூடிய இமைக்குள் கண்விழிகள் வேகமாக அசையும் ஒரு கட்டம் திரும்பத் திரும்ப வருகிறது. தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான். அந்தக் கட்டம் முன்னிரவில் கொஞ்ச நேரமே நிற்கும், பின்னிரவில் நீண்டுகொண்டே போகும். அதனால்தான் கனவும் விடியலை ஒட்டி வருகிறது, விழித்ததும் நினைவிலும் நிற்கிறது. லாரி மூன்று மணிக்கு மேல் வருவதற்கு, இனி நடக்கப்போவது எதுவும் காரணமில்லை.

கனவுக்கு அர்த்தம் சொல்வதையே தொழிலாகக் கொண்டிருந்த சிக்மண்ட் பிராய்டே இந்த இடத்தில் தடுமாறியவர்தான். கனவு என்பது மறைந்திருக்கும் ஓர் ஆசையின் நிறைவேற்றம் என்று நூல் எழுதியவர் அவர். முதல் உலகப் போருக்குப் பிறகு, வீடு திரும்பிய சிப்பாய்கள் ஒவ்வொரு இரவும் அதே பதுங்குகுழிக்குத் திரும்புவதைப் பார்த்தார். இதில் எந்த ஆசை நிறைவேறுகிறது? தன் விதிக்குள் இந்தக் கனவுகள் அடங்கவில்லை என்று 1920இல் அவரே எழுதினார். நடந்ததை நடந்தபடியே திருப்பிப் போடும் கனவில், பாம்புக்கும் பல்லுக்கும் பலன் சொல்வதுபோல் சொல்ல எதுவும் ஒளிந்திருக்கவில்லை. லாரி என்றால் அந்த லாரிதான்.

இதில் கவனிக்க வேண்டியது, கனவு மாறுகிறதா என்பது. எர்னஸ்ட் ஹார்ட்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், பயங்கரத்தைக் கடந்து வந்தவர்களின் கனவுகளைப் பல காலம் தொடர்ந்து கவனித்தார். தீயில் தப்பியவருக்குக் கொஞ்ச நாள் தீ வரும். பிறகு அது பேரலையாகும், துரத்தும் கூட்டமாகும். இடையில் பழைய வீடு வரும், சம்பந்தமே இல்லாத ஆட்கள் வருவார்கள். நடந்தது மற்ற நினைவுகளோடு கலந்து கரைகிறது. முதல் சில வாரம் கெட்ட கனவு வருவது இயல்பு; பலருக்கு அது இப்படித் தானாகவே தணிந்துவிடும். ஒரு மாதம் கழிந்தும் அதே காட்சி, அச்சு மாறாமல், குறையாமல் வந்தால் அது கரையாமல் உறைந்து நிற்கிறது என்று பொருள். அங்கே பலன் சொல்பவருக்கு வேலை இல்லை, சிகிச்சை தருபவருக்கு உண்டு.

அந்தக் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் மற்றவை கண்ணில் பட்டன. படுக்கப் பயந்து இரவு ஒரு மணிவரை பாத்திரம் தேய்க்கிறார். வேனில் ஏறுவதில்லை. தெருவில் ஹாரன் கேட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது. பகலிலும் இப்படித் தொடரும்போது காத்திருக்கக் கூடாது. தூங்குவதற்காகக் குடிப்பவர்கள், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவர்கள் ஒரு மாதக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே உதவி தேட வேண்டும். (குடி முன்னிரவில் கனவை அமுக்கும், பின்னிரவில் அது பொங்கி வரும்.)

மனநல மருத்துவரிடம் போனால் மாத்திரை கொடுத்து மயக்கிவிடுவார்களோ என்று அந்தச் சகோதரிக்குப் பயம். ஆனாலும் போனார்; அங்கே நடந்தது வேறு. அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருந்த உளவியல் நிபுணர் ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னார். கெட்ட கனவை எழுத வேண்டும். பிறகு அதில் எந்த இடத்தையாவது தன் விருப்பப்படி மாற்றி எழுத வேண்டும். முதல் நாளே லாரியைத் தொடவில்லை. இருட்டுச் சாலையில் தனியே நிற்கும் சின்னக் கனவு ஒன்றில் ஆரம்பித்தார்கள். லாரிக்கு வந்தபோது, "வேன் வளைவுக்கு முன்னாலேயே டீக்கடையில் நிற்கிறது, எல்லாரும் இறங்கிச் சுக்குக் காப்பி குடிக்கிறோம், லாரி ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போகிறது" என்று எழுதினாராம். அந்தப் புதிய காட்சியை மட்டும், பகலில், விழித்திருக்கும்போது, பத்து இருபது நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தினமும். பழைய கனவை ஓட்டக் கூடாது. பேரி க்ராகோ என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் இந்த முறையைச் சோதித்து, கெட்ட கனவுகள் குறைந்ததாக 2001இல் வெளியிட்டார்கள். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. எழுத உட்கார்ந்தாலே நடுங்குகிறது, சம்பவம் கண்முன் நடப்பதுபோல் ஆகிறது என்றால் தனியே தொடர வேண்டாம். பகல் தொல்லைகளுக்கு அந்தச் சம்பவத்தையே பேசித் தீர்க்கும் வேறு சிகிச்சைகளும் தேவைப்படலாம்.

வீட்டாருக்கு ஒன்று. அலறி எழுந்தவரிடம் "என்ன கனவு, சொல்லு" என்று அந்த நேரத்தில் துருவாதீர்கள். விளக்கைப் போடுங்கள். கால் தரையில் படட்டும். இது நம் வீடு, இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்று சொன்னால் போதும். கையில் கட்டிய கயிறு ஆறுதல் தருகிறதென்றால் அதுவும் இருக்கட்டும், மருத்துவமனைச் சீட்டோடு சேர்ந்து. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 எண்ணை அழைக்கலாம். அரசின் டெலி மானஸ் சேவை அது. கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

போன வாரம் அந்தச் சகோதரியிடமிருந்து மறுபடி கடிதம். கனவு வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்திருக்கிறது. வேனில் இன்னும் ஏறவில்லை. கடைசியாக வந்த கனவில் வேனை ஓட்டியது அவருடைய மூன்றாம் வகுப்பு டீச்சராம், மடியில் ஒரு ஆட்டுக்குட்டி வேறு.

"டீச்சர் வேன் ஓட்டினால் என்ன பலன், சார்?" என்று கேட்டிருக்கிறார். இதற்கும் நான் பலன் எழுதவில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்துச் சிரித்தேன்.

அன்புடன்,
ஆசிரியர்