வீட்டு வாடகை ஃப்ளையர்ல சதுர அடி வேண்டாம், உள் அளவு போட்ட பிளான் கொடுங்க

ஓசூர்ல ஒரு ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட் பார்க்கிற தம்பி ஒருத்தர் என்கிட்ட டாக்ஸ் ஃபைலிங்குக்கு வருவார். போன வருஷம் அப்பா அம்மாவை ஊர்ல இருந்து கூட்டிட்டு வரணும்னு 2 பிஎச்கே தேடினார். வாட்ஸ்அப்ல ஒரு ஃப்ளையர் வந்துச்சு. "750 சதுர அடி, பாகலூர் ரோடு பக்கம், வாடகை 13,000". கூடவே சின்னதா ஒரு பிளான் படம். பெட்ரூம் 10 × 10னு போட்டிருந்தது. பகல்ல தூக்கம், ராத்திரி வேலை, நேர்ல போய் பார்க்க நேரம் இல்லை. 10,000 டோக்கன் அட்வான்ஸ் அனுப்பிட்டார்.

சாமான் இறக்குற அன்னைக்குத்தான் விஷயம் தெரிஞ்சது. கட்டில் போட்டா பீரோ கதவு திறக்கல. பீரோவை ஹாலுக்குத் தள்ளினா டிவி ஸ்டாண்டுக்கு இடமில்லை. நாலு மாசத்துல வேற வீடு மாறினார். ரெண்டு தடவை டெம்போ வாடகை, ஒரு மாச பெயிண்டிங் பிடித்தம், புரோக்கருக்கு மறுபடி ஒரு மாச வாடகை. கணக்கு போட்டுப் பார்த்தா கிட்டத்தட்ட 40,000 ரூபாய் காலி.

ஓனர் பொய் சொன்னாரான்னு கேட்டா, முழுசா சொல்ல முடியாது. அந்த 10 × 10 எங்கிருந்து வந்துச்சுன்னு பார்க்கணும். வீடு கட்டும்போது மேஸ்திரிக்குக் கொடுத்த பிளான்ல சுவரின் நடுக்கோட்டுல இருந்து அடுத்த சுவரின் நடுக்கோடு வரைக்கும்தான் பெரும்பாலும் அளவு போடுவாங்க. அதைப் பார்த்து ஃப்ளையர்ல எழுதிட்டாங்க. வெளிச்சுவர் 9 இன்ச். ரூமோட ரெண்டு பக்கமும் 9 இன்ச் சுவர்னா, நடுக்கோட்டுல இருந்து பாதி பாதியா 4½ இன்ச் போகும், மொத்தம் 9 இன்ச். பூச்சுக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து இன்னொரு இன்ச். 10 அடி இப்போ 9 அடி 2 இன்ச் ஆயிடுச்சு.

10 இன்ச் தானேன்னு தோணும். குயீன் சைஸ் கட்டில் நீளம் 6½ அடி. கால் பக்கம் 2 அடி ஆழத்துல பீரோ. ரெண்டும் சேர்ந்து 8½ அடி. நிஜ 10 அடி ரூமா இருந்தா நடுவுல 1½ அடி மிச்சம், ஒருக்களிச்சாவது போகலாம், ஒத்தைக் கதவைத் திறக்கலாம். 9 அடி 2 இன்ச்ல மிச்சம் வெறும் 8 இன்ச். அதுல கதவும் திறக்காது, ஆளும் நுழையாது.

அதனால என் கருத்து இது: வாடகை ஃப்ளையர்ல சதுர அடிங்கிற ஒரே ஒரு நம்பரை நம்பி யாரும் முடிவெடுக்கக் கூடாது. ஓனரும் அதை பெருசா போட வேண்டாம். ஒவ்வொரு ரூமுக்கும் சுவர்ல இருந்து சுவர் வரை உள் அளவு போட்ட ஒரு எளிய பிளான் போதும். கையால வரைஞ்சது கூட பரவாயில்லை, கலர் 3டி படத்தை விட அதுதான் எனக்கு நம்பிக்கை.

அந்த 750 என்ன ஆச்சுன்னு நானும் அந்தத் தம்பியும் டேப் வச்சு அளந்தோம். ஹால் 13 × 10, பெட்ரூம் ஒண்ணு 10 × 9, இன்னொண்ணு 9 × 9, கிச்சன் 8 × 7, பாத்ரூம் 7 × 4, அட்டாச்டு 6 × 4, நடை 9 × 3. (இன்ச்சை எல்லாம் இங்க விட்டுட்டேன்.) கூட்டினா 436. சுவர் ஒரு 75, பால்கனி 40. மாடிப்படி, படிக்கு முன்னாடி இருக்கிற பொது இடம்னு 110 சேர்த்தாலும் 661 தான். மிச்சம் 89 எங்கன்னு கேட்டா, "கீழ பைக் நிறுத்துறீங்களே சார்"ங்கிறார் ஓனர்!

ஃபிளாட் விற்பனைக்கு இந்தக் குழப்பத்தை ரெரா சட்டம், 2016 ஓரளவு தீர்த்துடுச்சு. கார்பெட் ஏரியான்னா என்னன்னு அதுல வரையறை இருக்கு: உள்ள பயன்படுத்தக்கூடிய தரைப்பரப்பு, உள் தடுப்புச் சுவர் சேரும், வெளிச்சுவர், பால்கனி, திறந்த மொட்டை மாடி சேராது. வாங்குறவங்களுக்கு பில்டர் அந்த அளவைச் சொல்லியே ஆகணும். ஆனா வாடகை ஃப்ளையருக்கு அது பொருந்தாது. அங்க 750ன்னு யார் வேணாலும் எழுதலாம்.

அதே வாரம் அவர் ஒதுக்கின இன்னொரு ஃப்ளையர் இருந்துச்சு, மத்திகிரி பக்கம். 600 சதுர அடி, வாடகை 12,500. சதுர அடிக்கு முதல் வீடு 17 ரூபாய் சொச்சம், இது கிட்டத்தட்ட 21 ரூபாய். "சின்ன வீட்டுக்கு இவ்வளவா"ன்னு விட்டுட்டார். பிறகு ஒரு நாள் அந்த வீட்டைப் போய் பார்த்தோம், ஓனர் அக்கா அளக்க விட்டாங்க. ஹால் 14 × 10, பெட்ரூம் 11 × 10, 10 × 9, கிச்சன் 9 × 7, பாத்ரூம் ஒண்ணே ஒண்ணு 7 × 4, நடை 6 × 3. மொத்தம் 449. அந்த அக்கா மாடிப்படியைச் சேர்க்கவே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போ உள் அளவுக்கு வாடகையை வகுத்துப் பாருங்க. 750ன்னு போட்ட வீடு சதுர அடிக்கு 29.80 ரூபாய். 600ன்னு போட்ட வீடு 27.80 ரூபாய். விலை குறைவுன்னு நினைச்சதுதான் விலை அதிகம். ஹாலும் ரெண்டு பெட்ரூமும் மட்டும் எடுத்தா அங்க 301, இங்க 340. ஒரு பாத்ரூம் குறைவுங்கிறது உண்மைதான். அப்பா அம்மா கூட இருக்கிறவங்களுக்கு அது பெரிய விஷயம், அதுக்காக முதல் வீட்டையே எடுக்கிறது கூட நியாயம். ஆனா தெரிஞ்சு எடுக்கணும்.

பிளான் படம் கையில வந்ததும் அது நிஜ அளவா, கண்ணால பார்த்து போட்டதான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. வாசல்ல இருந்து பின்சுவர் வரை இடது பக்கம் வரிசையா இருக்கிற ரூம் நீளங்களைக் கூட்டுங்க, நடுவுல வர்ற சுவர்களையும் சேருங்க. வலது பக்கமும் அதே மாதிரி கூட்டுங்க. வீடு நீள்சதுரமா இருந்தா ரெண்டும் ஒண்ணா வரணும். இடது பக்கம் 29 அடி, வலது பக்கம் 26½ அடின்னு வந்தா ஒரு ரூம் அளவு தப்பு, இல்லைன்னா ஏதோ ஒரு டக்ட்டோ படியோ படத்துல விட்டுப் போச்சு. நம்ம பக்கத்துல டேலி ஆகாத டிரையல் பேலன்ஸ் மாதிரிதான். எல்லா அளவும் 10, 12ன்னு முழு எண்ணா இருந்தாலும் எனக்கு சந்தேகம் வரும். பூச்சு முடிஞ்ச வீட்டை நிஜமா அளந்தா இன்ச் வராம இருக்காது.

உங்களுக்கே ஊர்ல அப்பா கட்டின வீடு இருந்து வாடகைக்கு விடுறீங்கன்னா வரையுறது அரை மணி நேர வேலை. 5 மீட்டர் டேப் 16 அடி வரை வரும், சாதாரண ரூமுக்குப் போதும். தரையை ஒட்டி சுவர்ல இருந்து சுவருக்கு அளங்க. ஒரு அடிக்கு அரை சென்டிமீட்டர்னு வச்சா 30 அடி வீடு 15 சென்டிமீட்டர்ல அடங்கும், ஏ4ல பாதி தாள் போதும். ரூம் பேர், அளவு, கதவு எந்தப் பக்கம் திறக்குது, ஜன்னல் எங்க, வடக்கு எது. இதுல கதவு திறக்கிற பக்கத்தைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க. 3 அடி கதவு உள்ளே திறந்தா அந்த மூலையில ஒண்ணும் வைக்க முடியாது, ரூம்ல கிட்டத்தட்ட 9 சதுர அடி போச்சு. ஓசூர்ல தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் பேசுறவங்க வீடு தேடுறாங்க, ஃப்ளையர்ல எழுதுறதை விட படத்துல இருக்கிற நம்பர் எல்லாருக்கும் புரியும்ங்கிறது கூடுதல் லாபம்.

சிப்காட் பக்கம் மூணு பேர் நாலு பேர் சேர்ந்து வீடு எடுக்கிற பசங்களுக்கு இந்த பிளான் இன்னொரு வேலை செய்யும். அந்த மத்திகிரி வீட்டையே மூணு பேர் எடுக்கிறதா வச்சுக்கோங்க. பெரிய ரூம்ல ரெண்டு பேர், சின்ன ரூம்ல ஒருத்தர். 12,500ஐ மூணா வகுத்தா ஆளுக்கு 4,167. தனி ரூம்காரருக்கும் அதே, பகிர்ந்து படுக்கிறவங்களுக்கும் அதே. நியாயமா? சதுர அடிக்கு 27.84ன்னு போட்டா, ஹால், கிச்சன், பாத்ரூம், நடை எல்லாம் 249 சதுர அடி, அதுக்கு 6,932. அது மூணு பேருக்கும் சமம், ஆளுக்கு 2,311. பெரிய ரூம் 110 சதுர அடிக்கு 3,062, ரெண்டு பேருக்குப் பாதி பாதி. சின்ன ரூம் 90க்கு 2,506, ஒருத்தருக்கே. ரவுண்டு பண்ணினா ரெண்டு பேருக்கு 3,840, தனி ரூம்காரருக்கு 4,820. சண்டை மிச்சம்.

இதுல பழைய வரி முறையில இருக்கிறவங்க கவனிக்க ஒண்ணு. எச்ஆர்ஏ விலக்கு நீங்க நிஜமா கொடுத்த பங்குக்குத்தான். ஒப்பந்தம் ஒருத்தர் பேர்ல இருக்குன்னு அவர் 1,50,000 முழுசையும் கிளைம் பண்றதும், பேர் இல்லாத மத்த ரெண்டு பேர் கையெழுத்து ரசீதை மட்டும் கொடுக்கிறதும் பின்னாடி கேள்வி வர்ற வேலை. மூணு பேர் பேரும் ஒப்பந்தத்துல வரட்டும், பங்குத்தொகையும் வரட்டும், ஓனருக்கு அவங்கவங்க கணக்குல இருந்தே போகட்டும். புது முறையில இருந்தா எச்ஆர்ஏ பேச்சே இல்லை.

ஒப்பந்தம்னு வந்ததால சொல்றேன். தமிழ்நாட்டுல 2017ல வந்து 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதியவும் செய்யணும். tenancy.tn.gov.in தளத்துல பதியலாம். அந்த ஒப்பந்தத்தோட கடைசிப் பக்கமா இந்த பிளானைச் சேர்த்து ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கன்னு என் கிளையன்ட்ஸ்கிட்ட சொல்றேன். மொட்டை மாடி யாருக்கு, பைக் எங்க, பின்பக்கம் துணி துவைக்கிற இடம் பொதுவா தனியான்னு அதுல குறிச்சுடலாம். பெங்களூரு பாணியில பத்து மாச அட்வான்ஸ் கேட்கிற வீடுகள் எல்லைக்கு இந்தப் பக்கமும் இருக்கு. லட்சம் ரூபாய்க்கு மேல கொடுத்துட்டு, எந்த இடம் நமக்குன்னு வாய்ப்பேச்சுல விடுறது எனக்குப் புரியவே இல்லை.

"இவ்வளவு அளவு கேட்டா ஓனர் வேற ஆளுக்குக் கொடுத்துடுவார் சார்"னு அந்தத் தம்பி சொன்னார். ஓசூர்ல வீட்டுக்கு இருக்கிற கிராக்கிக்கு அது நடக்கவும் நடக்கும், மறுக்கல. அதனால ஓனரை அளக்கச் சொல்லாதீங்க. "அக்கா, ஒரு வீடியோ கால் போடுங்க, டேப்பை பெட்ரூம் சுவர்ல வச்சுக் காட்டுங்க"ன்னு கேளுங்க. ரெண்டு ரூம், ரெண்டு நிமிஷம். டோக்கன் அனுப்புறதுக்கு முன்னாடி.

மத்திகிரி அக்கா நாங்க அளந்த தாளை போட்டோ எடுத்து வச்சுக்கிட்டாங்க. இப்போ அவங்க ஃப்ளையர்ல 600 இல்லை, அந்தக் கை பிளான்தான் இருக்கு, என் கோணல் கையெழுத்தோட.