10.40-க்கு முன்னிலை, 10.52-க்கு பின்னடைவு: ஓட்டு எண்ணிக்கை லைவ் அப்டேட்டில் நேரம் மட்டும் போதுமா?

2016 சட்டமன்றத் தேர்தலில் மரக்காணம் உப்பளப் பகுதியை உள்ளடக்கிய திண்டிவனம் தொகுதியில் தி.மு.க.வின் சீதாபதி ஜெயித்தார். அ.தி.மு.க. வேட்பாளரைவிட அவர் கூடுதலாகப் பெற்றது வெறும் 101 ஓட்டு. ஒரே ஒரு வாக்குச்சாவடியின் மின்னணு இயந்திரத்தில் பதிவாகும் ஓட்டே இதைப்போல பல மடங்கு இருக்கும்.

இப்படியொரு தொகுதியில் எண்ணிக்கை நடக்கும்போது, அனுமந்தையில் உட்கார்ந்து போனில் லைவ் அப்டேட் பார்ப்பவருக்கு "காலை 10.40: வேட்பாளர் அ முன்னிலை" என்ற ஒரு வரியால் என்ன புரியும்? உண்மையைச் சொன்னால், ஒன்றும் புரியாது.

கடிகாரம் வேறு, சுற்று வேறு

காலை 8 மணிக்குத் தபால் ஓட்டு, 8.30-க்கு இயந்திர ஓட்டு எண்ணத் தொடங்குவார்கள். ஒரு தொகுதிக்குப் பொதுவாக 14 மேசை. 14 மேசையிலும் ஆளுக்கொரு இயந்திரம் எண்ணி முடித்தால் ஒரு சுற்று. எனவே எண்ணிக்கை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதைச் சுற்று எண்தான் காட்டும்.

உதாரணத்துக்கு ஒரு தொகுதியில் 260 வாக்குச்சாவடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 19 சுற்று வரும். கடைசிச் சுற்றில் 8 இயந்திரம்தான் இருக்கும். ஒரு இயந்திரத்தில் சராசரியாக 700 ஓட்டு என்றால், 17 சுற்று முடிந்தபோது பாக்கி 22 இயந்திரம், சுமார் 15,400 ஓட்டு. அந்த நேரத்தில் 1,850 ஓட்டு முன்னிலை என்பது பெரிதாகத் தெரியும், ஆனால் கைவிட்டுப் போகக்கூடியது. வாக்குச்சாவடிகளுக்கு வரிசை எண் கொடுக்கும்போது பக்கத்துப் பக்கத்து ஊர்கள் அடுத்தடுத்து வரும். அதனால் ஒருவருக்குச் செல்வாக்கான ஊர்கள் மொத்தமாக ஒரே சுற்றில் விழுந்து, கணக்கு சட்டென மாறும்.

ஆகவே ஒழுங்கான பதிவு இப்படி இருக்கும்:

```
காலை 10.52 | சுற்று 17/19 (10.40-க்கு அறிவிப்பு)
அ முன்னிலை: 1,850
பாக்கி: 22 இயந்திரம், சுமார் 15,400 ஓட்டு
ஆதாரம்: தேர்தல் நடத்தும் அலுவலர்
```

இதில் இரண்டு நேரம் இருப்பதைக் கவனியுங்கள். 10.40 அறிவித்த நேரம், 10.52 பதிவேற்றிய நேரம். ஒன்றை மட்டும் போட்டால் குழப்பம்தான். முகவர் மேசையிலிருந்து கேட்டு போனில் சொல்லும் எண் முதலில் வரும். சுற்று முழுவதும் சரிபார்த்து பார்வையாளர் ஒப்புதல் தந்த பிறகே அதிகாரப்பூர்வ எண் `results.eci.gov.in` தளத்தில் ஏறும். இதனால் 16-வது சுற்றின் அதிகாரப்பூர்வ எண், 17-வது சுற்றின் முகவர் தகவலுக்குப் *பிறகு* திரையில் வரலாம். பதிவேற்றிய நேர வரிசையில் மட்டும் படிப்பவருக்கு முன்னிலை திடீரென ஏறி இறங்கியதாகத் தோன்றும். உண்மையில் எதுவும் மாறியிருக்காது, பழைய எண் தாமதமாக வந்திருக்கும், அவ்வளவுதான். முகவர் தகவல் என்றால் அந்த வரியிலேயே அப்படிச் சொல்லிவிடுவது நல்லது.

தப்பாகப் போட்டுவிட்டால்?

பழைய பதிவில் சத்தமில்லாமல் எண்ணை மாற்றுவதுதான் மோசமான வழி. அதற்குள் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பார்கள். பழைய பதிவை அப்படியே வைத்து "திருத்தப்பட்டது, 11.05 பார்க்க" என்று குறிக்க வேண்டும். 11.05-க்குப் புதிய பதிவில் பழைய எண், புதிய எண் இரண்டும் வர வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு பதிவு மட்டும் தனியாகச் சுற்றும் என்பதால், தொகுதிப் பெயரும் சுற்று எண்ணும் ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப வருவதில் தப்பே இல்லை.

"வெற்றி" எப்போது எழுதலாம்?

வித்தியாசம் பாக்கி ஓட்டைவிட அதிகமானால் முடிவு தெரிந்துவிட்டது எனலாம். ஆனால் "பாக்கி" என்பதில் தபால் ஓட்டும் சேரும். தபால் ஓட்டு முடியாமல் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்கக் கூடாது என்று 2025 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் சொல்லியிருக்கிறது. எண் காட்டாமல் மக்கர் செய்து ஒதுக்கிவைத்த இயந்திரங்களும் கணக்கில் வரும். அவற்றில் உள்ள ஓட்டைவிட வித்தியாசம் குறைவு என்றால், அந்தச் சாவடியின் ஒப்புகைச் சீட்டை எண்ணியாக வேண்டும். 101 ஓட்டு வித்தியாசத்தில் அப்படி ஒரு இயந்திரம் இருந்தாலே போதும், முடிவு தொங்கலில் நிற்கும்.

19-வது சுற்று முடிந்ததும் குலுக்கலில் எடுத்த 5 வாக்குச்சாவடிகளின் ஒப்புகைச் சீட்டை எண்ணிச் சரிபார்ப்பார்கள். தோற்றவர் தரப்பு மறு எண்ணிக்கை கேட்டு எழுதிக் கொடுக்கலாம். அதனால் அதுவரை பதிவில் "எல்லாச் சுற்றும் முடிவில் அ முன்னிலை, அறிவிப்புக்குக் காத்திருப்பு" என்றுதான் நிற்கும். தேர்தல் நடத்தும் அலுவலர் முடிவை அறிவித்த நிமிடத்துக்குரிய பதிவில்தான் "வெற்றி" என்ற சொல் முதல்முறையாக வரும்.