எலி வளையும் பரிந்துரைக் கடிதமும்

வேளாண் கல்லூரியில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு கடிதக் காலம் வரும். ஐ.சி.ஏ.ஆரின் இளநிலை ஆய்வு உதவித்தொகை நுழைவுத் தேர்வில் முடிவாகிவிடும், அதற்கு நம் கடிதம் வேண்டியதில்லை. ஃபுல்பிரைட்-நேரு மாதிரி வெளிநாட்டில் சில மாதம் ஆய்வு செய்ய அனுப்பும் உதவித்தொகைகள்தான் பரிந்துரைக் கடிதம் கேட்கும். உடனே துறைக்குள் ஒரு பழைய கோப்பு சுற்ற ஆரம்பிக்கும். எப்போதோ யாரோ எழுதிய கடிதம். பெயரை மாற்று, ஓ.ஜி.பி.ஏ.வை மாற்று, கையெழுத்து வாங்கு. அந்தக் கோப்பில் எல்லா மாணவரும் கடின உழைப்பாளிகள், ஒழுக்கசீலர்கள், குழுவோடு இணங்கிப் போகிறவர்கள்.

அப்படி ஒரு கடிதத்தைத் தேர்வுக்குழுவில் இருப்பவர் படிக்கும்போது என்ன நடக்கிறது? ஒன்றும் நடப்பதில்லை. 8.7 என்ற மதிப்பெண் ஏற்கெனவே சான்றிதழில் இருக்கிறது. கட்டுரைகளின் பட்டியல் விண்ணப்பத்தில் இருக்கிறது. ஆசிரியர் ஒருவரால் மட்டுமே சொல்லக்கூடியது எதுவோ, அது கடிதத்தில் இல்லை. இந்த வாரம் நான் ஒரு மாணவிக்காக எழுதிய கடிதத்தின் உள்ளே உங்களை அழைத்துப் போகிறேன். ஆளின் அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன்.

அவருடைய முதுநிலை ஆய்வு, நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலும். எப்போதும் தண்ணீர் நிறுத்தாமல், வயல் நீர் மண்ணுக்குள் ஓரளவு இறங்கிய பிறகு அடுத்த தண்ணீர் கட்டுவது. எவ்வளவு இறங்கியது என்று பார்க்க, 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பகுதியில் துளையிட்டு, அந்தப் பகுதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் இறக்கிவைப்போம். உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட்டால் வயலின் நீர்மட்டம் குழாய்க்குள் தெரியும். மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் போனதும் மறுபடி 5 சென்டிமீட்டர் நிற்கும்படி கட்ட வேண்டும். பூக்கும் சமயத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது.

குறுவையில் கோ 51 நட்டு, நான்கு நீர் முறைகளை ஒப்பிட்டார். ஒன்று எப்போதும் தண்ணீர் நிற்பது. மற்ற மூன்றும் 10, 15, 20 சென்டிமீட்டர் இறங்கியபின் கட்டுவது. ஒவ்வொன்றும் ஐந்து முறை, ஆக 20 பாத்திகள். பாத்தி ஒன்று 20 சதுர மீட்டர்.

நீர் மேலாண்மை ஆய்வில் பெரிய எதிரி பக்கத்துப் பாத்திதான். உர ஆய்வில் ஒரு பாத்தியின் யூரியா அடுத்ததற்குக் கொஞ்சம் கசிந்தால் ஓரத்து வரிசைகளை விட்டுவிட்டு அறுத்துச் சமாளிக்கலாம். தண்ணீர் அப்படி ஓரத்தோடு நிற்காது. அதனால்தான் இரட்டை வரப்பு போட்டு நடுவில் வாய்க்கால் விடுகிறோம், வரப்புக்குள் பிளாஸ்டிக் தாளும் இறக்குகிறோம். இதெல்லாம் செய்தும் வயலில் எலி இருக்கிறதே.

பயிர் தூர் கட்டும் பருவம். மூன்றாவது தொகுதியில் 15 சென்டிமீட்டர் பாத்தியின் குழாயில் மட்டம் இறங்கவில்லை. அதே முறையில் இருந்த மற்ற நான்கு பாத்திகள் ஏழாம் நாள் 15-ஐத் தொட்டுவிட்டன. இது 5-க்குக் கீழே போகவே இல்லை. குழாய்த் துளை சேறு அடைத்திருக்கும் என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். அவர் குழாயைப் பிடுங்கிக் கழுவி மறுபடி இறக்கிப் பார்த்தார். மாற்றமில்லை. அடுத்த சுற்றிலும் அதே கதை. பிறகு வரப்பை வெட்டிப் பார்த்தார். எப்போதும் தண்ணீர் நிற்கும் பக்கத்துப் பாத்தியிலிருந்து இதற்குள், பிளாஸ்டிக் தாளைத் துளைத்துக்கொண்டு, ஓர் எலி வளை போயிருந்தது.

வளையை அடைத்தாயிற்று. ஆனால் அந்தப் பாத்தி தூர் கட்டும் பருவம் முழுக்கக் காயாமலே இருந்துவிட்டது. அறுவடையில் அதுதான் அதிக எடை காட்டியது, 12.9 கிலோ. அன்று சாயங்காலம் வயல் நோட்டோடு என் அறைக்கு வந்தார்.

"மேடம், இந்த 12.9-ஐ எடுத்துக்க முடியாது."

"எடை சரியாத்தானேம்மா போட்டிருக்க?"

"எடை சரிதான் மேடம். ஆனா அது 15 சென்டிமீட்டர் பாத்தியே இல்ல. அது காயவே இல்லையே."

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். அந்த முறையில் மீதி நான்கு பாத்திகளின் மொத்தம் 46 கிலோ. 12.9-ஐச் சேர்த்தால் சராசரி 11.78 வரும். எப்போதும் தண்ணீர் நிறுத்திய பாத்திகளின் சராசரி 11.6. அதாவது, தண்ணீரைக் குறைத்தும் விளைச்சல் கூடியது என்று ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம். கேள்வி கேட்க ஆள் இல்லை. எலி வளையைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் அதை விடுபட்ட பாத்தியாக அறிவித்தார். இதற்கு 1933-இல் ஃபிராங்க் யேட்ஸ் கொடுத்த வழி இருக்கிறது. அந்த நீர் முறையின் மீதிப் பாத்திகளின் கூட்டலான 46-ஐ நான்கால் பெருக்க வேண்டும். அந்தத் தொகுதியில் மீதி மூன்று பாத்திகளின் கூட்டல் 34.8, அதை ஐந்தால் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டி, 19 பாத்திகளின் மொத்தமான 219-ஐக் கழித்து, 12-ஆல் வகுக்க வேண்டும். வருவது 11.58. இந்த எண் புதிதாக எந்தத் தகவலையும் தராது, பகுப்பாய்வு ஓடுவதற்காகக் காலி இடத்தை நிரப்பும், அவ்வளவுதான். அதற்கு விலையாகப் பிழைக்கான தற்சார்பு எண் 12-லிருந்து 11 ஆகக் குறையும். இந்தக் குறைப்பைக் கணினி தானாகச் செய்யாது. 11.58-ஐ உண்மையான எடை போல உள்ளிட்டுவிட்டு 12-ஐ அப்படியே வைத்திருக்கும் ஆய்வேடுகளை நான் புறத்தேர்வாளராகப் பார்த்திருக்கிறேன்.

திருத்திய பிறகு 15 சென்டிமீட்டர் முறையின் சராசரி 11.52. தண்ணீர் நின்ற பாத்திகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு இல்லை. "விளைச்சல் கூடியது" என்பது "விளைச்சல் குறையவில்லை" என்று சுருங்கிவிட்டது. தலைப்புச் செய்தி போனது, முடிவு நின்றது.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இதற்கு அடுத்த பக்கம். தண்ணீர் வெளியே போன பக்கத்துப் பாத்தியின் விளைச்சலை அவர் தொடவில்லை, ஏனென்றால் அதில் எப்போதும் நீர் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் அப்படி நிற்கவைக்க அதிகமாகத் தண்ணீர் கட்ட வேண்டியிருந்ததே! அந்த நீர்க் கணக்கைச் சேர்த்தால், காய்ச்சல் முறையில் மிச்சமாகும் தண்ணீர் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். அதனால் விளைச்சல் அட்டவணையில் அந்தப் பாத்தியை வைத்துக்கொண்டு, நீர் அட்டவணையில் மட்டும் நீக்கியிருந்தார். இதை நான் சொல்லித்தரவில்லை.

கடிதத்தின் பெரிய பத்தி முழுக்க இதுதான். மண்ணியலோ உழவியலோ தெரியாத ஒருவர் குழுவில் இருந்தாலும் புரியும்படி, எலி, வரப்பு, குழாய், இரண்டு அட்டவணை என்று வரிசையாக எழுதினேன். "நேர்மையானவர்" என்ற சொல்லை எழுதவில்லை. படிப்பவர் அதைத் தானே எழுதிக்கொள்வார்.

"கடின உழைப்பாளி"யையும் வேண்டுமென்றே விட்டேன். 2003-இல் ஃபிரான்சிஸ் டிரிக்ஸ், கரோலின் சென்கா என்ற இரண்டு ஆய்வாளர்கள், அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் வேலைக்கு வந்த முந்நூறுக்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை அலசினார்கள். பெண்களுக்கு எழுதியவை சராசரியாகச் சிறியவை. பெண்களின் உழைப்பைப் பற்றிய பேச்சு அதிகம், ஆய்வைப் பற்றிய பேச்சு குறைவு. நம் ஊர்க் கடிதங்களை எடுத்துப் பாருங்கள். பையன் "கூர்மையானவன்", பெண் "பொறுப்பானவள்". எழுதுகிறவர் கெட்ட எண்ணத்தோடு எழுதுவதில்லை. ஆனால் படிக்கிறவர் ஆய்வுக்கு ஆள் தேடுகிறார், பொறுப்பான பெண்ணைத் தேடவில்லை.

அடுத்தது ஒப்பீடு. இணையப் படிவத்தில் முதல் ஒரு சதவீதம், ஐந்து சதவீதம், பத்து சதவீதம் என்று கட்டங்கள் இருக்கும். எல்லோருக்கும் ஒரு சதவீதத்தைத் தட்டிவிடுவது நம் வழக்கம். யாரோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாத சதவீதத்துக்குப் பொருள் இல்லை. நான் வழிகாட்டிய முதுநிலை மாணவர்களில் முதல் இருவரில் ஒருவர் என்று எழுதினேன். கட்டத்தில் ஐந்து சதவீதத்தைத்தான் தட்டினேன்.

குறையை எழுதலாமா என்று இளைய ஆசிரியர்கள் கேட்பார்கள். எழுத வேண்டும், ஆனால் விண்ணப்பத்தோடு ஒட்டிய குறையாக இருக்க வேண்டும். அவர் வெளிநாட்டில் செய்ய விரும்புவது நெல் வயலிலிருந்து எழும் மீத்தேனை அளக்கும் வேலை. காய்ச்சல் விட்டால் மீத்தேன் குறையும், ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு கூடும். இரண்டையும் சேர்த்து அளந்தால்தான் லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியும். அவர் வயலில் மூடிய பெட்டி வைத்து, பத்து நிமிட இடைவெளியில் ஊசியால் வாயு மாதிரி எடுத்துப் பழகியவர். அந்த மாதிரிகளை வாயு நிறப்பிரிகைக் கருவியில் தானே ஓட்டியது கிடையாது, வேறு ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் முடிவு வாங்கினார். இதை அப்படியே எழுதி, ஆய்வகத் திறமை பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்றும் சேர்த்தேன். அந்தப் பயிற்சிக்காகத்தானே போகிறார்! இன்னொன்று, எழுத்தில் மெதுவானவர், ஆய்வேட்டின் விவாத அத்தியாயத்துக்கு என்னிடம் இரண்டு முறை தவணை வாங்கினார். அதுவும் கடிதத்தில் ஒரு வரி.

சில மாணவர்கள் இதைப் படித்துப் பயப்படக்கூடும். வழிகாட்டி குறை எழுதுவார் என்றால் துறைத் தலைவரிடமோ முதல்வரிடமோ வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். பெரிய பதவியில் இருப்பவரின் கையெழுத்து பெரிதாகத் தெரியும்தான். ஆனால் உங்கள் வயல் நோட்டைப் புரட்டியே பார்க்காதவரால் பழைய கோப்பைத்தான் எடுக்க முடியும்.

ஆகவே, விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் வாருங்கள். நீங்களே எழுதிய கடிதத்தைக் கொண்டுவராதீர்கள். ஆய்வுத் திட்டம், ஆய்வேடு, வயல் நோட்டு மூன்றையும் கொண்டுவாருங்கள், அடித்துத் திருத்திய பக்கங்களோடு. "என்னைப் பற்றி உங்களால் வலுவாக எழுத முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். ஆசிரியர் இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். கடிதத்தை ஏற்றும் இணைப்பு ஆசிரியரின் மின்னஞ்சலுக்குத்தான் வரும், பல சமயம் ஸ்பேமில் போய் விழும். அது வந்ததா என்று கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே வந்து கேளுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.