காப்பு மெய்யா என்று முதலில் பாருங்கள்

தொடர் செக் விஷயத்தில் நமக்குள் தகராறு வருவதில்லை. ஒரே காயால் கொடுத்தாலும் மூன்று காய்களை மாற்றி மாற்றிக் கொடுத்தாலும், எதிராளி அரசனை நகர்த்திக்கொண்டே இருக்க, செக் கொடுப்பவர் ஓயாமல் கொடுத்தால் அவர்தான் ஆட்டத்தை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தோல்வி. மேலைச் சதுரங்கத்திலிருந்து சியாங்சிக்கு வருபவர்கள் முதலில் திகைப்பது இங்கேதான். அங்கே தோற்கும் நிலையில் இருப்பவரைக் கரையேற்றும் தொடர் செக், இங்கே அவரை மூழ்கடிக்கும். இருபுறமும் தொடர் செக் என்றால் சமநிலை. ஒருவர் தொடர்ந்து செக் கொடுக்க, மற்றவர் தொடர்ந்து ஒரு காயைத் துரத்தினால், செக் கொடுப்பவரே வழிவிட வேண்டும். இவ்வளவு தெரிந்தால் பாதி வழக்குகள் முடிந்துவிடும்.

தொடர் துரத்தலில்தான் நடுவர்கள் தடுமாறுகிறார்கள். ஆசிய விதிகளைச் சுருக்கினால் இவ்வளவுதான்: காப்பில்லாத ஒரு காயை ஒவ்வொரு நகர்விலும் துரத்திக்கொண்டே இருப்பவர் மாற்ற வேண்டும், அரசனும் சிப்பாயும் துரத்தலாம், இன்னும் ஆற்றைக் கடக்காத சிப்பாயை யாரும் துரத்தலாம். இதில் 'காப்பில்லாத' என்ற சொல்தான் மொத்த பாரத்தையும் சுமக்கிறது. பலகையைப் பார்த்தவுடன் காப்பு இருப்பதுபோலத் தெரியும். அந்தத் தோற்றத்தை நம்பித் தீர்ப்புச் சொல்வதே நாம் அடிக்கடி செய்யும் பிழை.

ஒரு நிலையை எடுத்துப் பார்ப்போம். கோடுகளைச் சிவப்பின் வலப்பக்கத்திலிருந்து 1 முதல் 9 வரையும், வரிசைகளைச் சிவப்பின் அடிவரிசையிலிருந்து 1 முதல் 10 வரையும் எண்ணுகிறேன். கோடு முதலில், வரிசை பிறகு. கருப்பின் அரசன் 5-10இல், மெய்க்காவலர்கள் 4-10இலும் 6-10இலும், ஒரே யானை 7-10இல், குதிரை 5-8இல், பீரங்கி 3-8இல். சிவப்பின் அரசன் 5-1இல், ஒரு தேர் 5-3இல், இன்னொரு தேர் 1-7இல். நடுக்கோட்டில் சிவப்புத் தேருக்கும் கருப்புக் குதிரைக்கும் இடையே ஒன்றும் இல்லை. மற்ற காய்கள் எங்கோ தொலைவில்; இந்தச் சுழற்சியில் அவற்றுக்கு வேலை இல்லை.

சிவப்பு தேரை 1-8க்கு நகர்த்துகிறது. பீரங்கி அடிபடும் இடத்தில் இருக்கிறது, அதற்குக் காப்பில்லை. கருப்பு பீரங்கியை 3-7க்கு இறக்குகிறது. தேர் 1-7க்கு வருகிறது. பீரங்கி மீண்டும் 3-8, தேர் மீண்டும் 1-8. இப்படியே சுற்றுகிறது.

சிவப்பு ஆட்டக்காரர் சமநிலை கோருகிறார். 3-8இல் மட்டும்தான் பீரங்கிக்குக் காப்பில்லை, 3-7இல் நிற்கும்போது குதிரை காக்கிறது என்பது அவர் வாதம். குதிரையின் கால் இருக்கும் 4-8 காலி. எனவே அது 3-7க்குப் போகலாம். தேர் பீரங்கியை எடுத்தால் குதிரை தேரைத் திருப்பி எடுத்துவிடும். காப்புள்ள காயின் மேல் தேர் பாய்வதைத் துரத்தல் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒரு நகர்வு துரத்தல், அடுத்தது வெறும் நகர்வு. இப்படிக் கலந்து வருவது அனுமதிக்கப்பட்டது. கேட்பதற்கு வாதம் சரியாகவே இருக்கிறது.

ஆனால் திருப்பி எடுக்கும் அந்த நகர்வைக் கையால் நகர்த்திப் பாருங்கள். குதிரை 5-8ஐ விட்டு விலகினால் 5-3இல் நிற்கும் தேர் நேராக 5-10இல் உள்ள அரசனுக்குச் செக் கொடுக்கிறது. அந்த நகர்வே சட்டவிரோதம். 3-7ஐ வேறு எந்தக் கருப்புக் காயும் எட்டாது. யானை காப்பது 5-8ஐ. அதனால் குதிரை பாதுகாப்பாக நிற்கிறது, ஆனால் அங்கேயே கட்டுண்டு நிற்கிறது. எனவே 3-7இல் உள்ள காப்பு பொய். சிவப்பின் ஒவ்வொரு நகர்வும் காப்பில்லாத அதே பீரங்கியைத் துரத்துகிறது. கருப்பின் நகர்வுகள் எதையும் தாக்கவில்லை. சிவப்பு மாற்ற வேண்டும், இல்லையேல் தோல்வி.

ஒரே ஒரு காயை மட்டும் இடம் மாற்றுங்கள். கருப்பின் மெய்க்காவலர் ஒருவர் 4-10இலிருந்து 5-9க்கு வந்து நிற்கட்டும். இப்போது குதிரை விலகினாலும் தேரின் பார்வையை மெய்க்காவலர் மறைக்கிறார். காப்பு மெய்யாகிவிட்டது. தேரும் பீரங்கியும் முன்போலவே சுற்றினாலும், 3-7இல் நடப்பது துரத்தல் இல்லை. யாரும் மாற்றாவிட்டால் சமநிலை. தேர், பீரங்கி, குதிரை எல்லாம் முன்பிருந்த இடத்திலேயே இருக்கின்றன. சுழற்சியில் ஓடும் இரண்டு காய்களை மட்டும் பார்க்கும் நடுவர் இதைத் தவறவிடுவார். அவர் பார்வை போக வேண்டிய இடம் நடுக்கோடு.

இந்த நிலையில் துரத்தியது தேர், துரத்தப்பட்டது பீரங்கி. துரத்தப்படுவது தேராகவும் துரத்துவது குதிரையாகவோ பீரங்கியாகவோ இருந்தால் கணக்கே வேறு. காப்பு மெய்யாக இருந்தாலும் அது துரத்தல்தான். பீரங்கியைக் கொடுத்துத் தேரை எடுப்பதே லாபம் என்பதால், பின்னால் காவல் இருப்பது தேரின் உரிமையாளரைக் காப்பாற்றுவதில்லை. தேர் தேரைத் தாக்கினாலோ அது பரிமாற்றத்துக்கு அழைப்பு. இரண்டும் ஒன்றையொன்று எடுக்க முடியும் என்பதால் எத்தனை முறை வந்தாலும் அனுமதி. அங்கேயும் எதிர்த்தேர் அரசனை மறைத்துக் கட்டுண்டு கிடந்து திருப்பி எடுக்க முடியாவிட்டால், அழைப்பு துரத்தலாகிவிடும். குதிரைக்குக் குதிரையும் இப்படியே: ஒன்றின் கால் அடைபட்டு மற்றொன்றின் கால் திறந்திருந்தால் தாக்குதல் ஒருபக்கம்தான்.

ஆகவே முறையீடு வந்தால் நம் நடுவர்கள் செய்ய வேண்டியது இது. ஒரு முழுச் சுற்றை எழுதிக்கொள்ளுங்கள். இரு பக்கத்தின் ஒவ்வொரு நகர்வுக்கும் எதிரே செக், துரத்தல், வெறும் நகர்வு என்று ஏதேனும் ஒன்றைக் குறியுங்கள். ஏற்கெனவே நின்றிருந்த தாக்குதலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நம் நிலையில் 5-3 தேர் குதிரையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பது சிவப்பின் புதிய துரத்தல் ஆகாது. 'காப்புண்டு' என்று எழுதும் முன், எடுப்பதையும் திருப்பி எடுப்பதையும் பலகையில் நகர்த்திப் பாருங்கள். அதன் பிறகே எத்தனை சுற்று ஆயிற்று என்று எண்ணுங்கள்.

எந்த விதிநூல் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அடுத்த நகர்வில் மேட் என்று தொடர்ந்து மிரட்டுவதும், ஒரு நகர்வு செக், அடுத்த நகர்வு மேட் மிரட்டல் என்று மாற்றி மாற்றி ஆடுவதும் ஆசிய விதிகளில் அனுமதி. சீனாவின் உள்நாட்டு விதிகளோ செக், மேட் மிரட்டல், துரத்தல் மூன்றையும் ஒரே வகைத் தாக்குதலாகப் பார்க்கின்றன. ஒரு பக்கம் மட்டும் அவற்றை இடைவிடாமல் தொடர்ந்தால் மாற்ற வேண்டும். ஒரே ஆட்டம் ஒரு நூலில் சமநிலையும் மற்றொன்றில் தோல்வியும் ஆகலாம். இணையத்தில் ஒரு விதியில் பழகி வரும் இளையவர்கள் நேரடிப் போட்டியில் அதையே எதிர்பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. போட்டி அறிவிப்பில் நேரக் கட்டுப்பாட்டைப் போடும் அதே வரியில் விதிநூலின் பெயரையும் பதிப்பையும் போடும்படி அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.