பல்லவிக்குத் திரும்பும் வழி

திரைப்பாடல் எழுதிப் பார்க்க ஆசைப்படும் பலரும் முதலில் ஒரு நல்ல பல்லவியைப் பிடித்துவிடுகிறார்கள். பிறகு சரணம் என்ற பெயரில் நாலு வரிக் கவிதை ஒன்றையும், அதற்கு அடுத்து இன்னொன்றையும் எழுதிச் சேர்க்கிறார்கள். தாளில் படிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மெட்டில் வைத்துப் பாடும்போதுதான் கோளாறு தெரியும். சரணம் முடிந்து பல்லவியின் முதல் வரி திரும்பி வரும் இடத்தில், இரண்டு வேறு பாட்டுகளை ஒட்டவைத்தது போல ஒரு தையல் தென்படும். பல்லவியின் தரம் அது திரும்பி வரும்போதுதான் தெரியும். ஆகவே, சரணத்தைக் கடைசி வரியிலிருந்து எழுதத் தொடங்குவதே நல்லது.

இதற்குக் காரணம் பாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. பல்லவி முடிந்ததும் வழக்கமாக ஓர் இடையிசை வரும். அதற்குள் கேட்பவரின் மனம் சற்று இளைப்பாறிவிடும். அதனால் சரணம் வேறு இடத்தில், வேறு செய்தியோடு தொடங்கினாலும் உறுத்தாது. ஆனால் சரணத்திலிருந்து பல்லவிக்குத் திரும்பும்போது பெரும்பாலும் இடையிசை கிடையாது. ஒரு மூச்சு அவகாசம்தான். கீர்த்தனைகளிலும் இப்படித்தான், சரணம் முடிந்ததும் பாடகர் நேரே பல்லவியை எடுத்துவிடுவார். பாட்டுக்குள் நுழையும் வாசல் அகலம், திரும்பும் வாசல் குறுகல். எழுதுபவர் அதிகம் கவனிக்க வேண்டியது இந்தக் குறுகிய வாசலைத்தான்.

ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில், ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு மாத்திரை வீதம் ஒரு வரிக்குப் பதினாறு மாத்திரை. இசையமைப்பாளர் கொடுத்த தத்தகாரம் இது என்று வைத்துக்கொள்வோம்:

தானன தானன தானன தானா

குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. குறிலை அடுத்து ஒற்று வந்தால் அதுவும் இரண்டு. வரியின் கடைசி எழுத்தை எப்படியும் நீட்டிக்கொள்ளலாம். காட்சி: வெளியூர் போன மகனுக்காக ஒரு தாய் காத்திருக்கிறாள். புதிதாக எழுதுபவர் முதலில் இப்படி எழுதக்கூடும்:

பிள்ளையை எண்ணுது தாய்மனம் இங்கே

சந்தத்தில் குறையே இல்லை. ஆனால் யார், யாரை, என்ன செய்கிறாள் என்று எல்லாவற்றையும் இந்த வரியே சொல்லி முடித்துவிட்டது. அது வினையோடு முற்றுப்பெற்ற வாக்கியம். இரண்டாம் முறை வரும்போதும் இதே செய்திதான், மூன்றாம் முறையும் இதே செய்திதான். சரணத்துக்கு மிச்சம் வைத்தது எதுவுமில்லை. அதே அளவில் இன்னொரு வரி:

வாசலிலே ஒரு காலடி ஓசை
கேட்டதும் ஓடுது தாய்மன ஆசை

'வாசலி லேஒரு காலடி ஓசை' என்று பிரித்தால் தத்தகாரத்தில் அப்படியே உட்காரும். இரண்டாம் வரியில் 'கேட்டதும் ஓடுது' என்பது 'கேட்டது மோடுது' என்று புணர்ந்து அதே அளவுக்கு வந்துவிடும். முக்கியமானது முதல் வரிதான். அதில் வினையே கிடையாது. ஓசை கேட்கிறதா, கேட்டதா, கேட்பது போலத் தோன்றுகிறதா என்று அந்த வரி சொல்லவில்லை. இந்தத் திறந்த முனையில்தான் சரணம் வந்து சேரும்.

இப்போது சரணம். மெட்டு மேலே ஏறுவதால் தத்தகாரமும் மாறுகிறது. முதல் மூன்று வரிகளுக்கு 'தனதன தனதன தானா தானா' என்றும், கடைசி வரிக்கு 'தானன தானன தானா' என்றும் கொள்வோம். கடைசி வரி பன்னிரண்டு மாத்திரையோடு நின்றுவிடுகிறது. மிச்சமுள்ள நாலு மாத்திரை, அதாவது இரண்டு எண்ணிக்கை, பாடகர் மூச்செடுக்க. இந்த இடத்தையும் சொல்லால் நிரப்பிவிட்டால் பல்லவியின் முதல் எழுத்தைப் பாடகர் விழுங்க நேரும்.

எழுத வேண்டியது முதலில் இந்தக் கடைசி வரியைத்தான். 'வாசலிலே ஒரு காலடி ஓசை' என்பதற்கு முன்னால் எதைச் சொன்னால் அந்த ஓசை கேட்டே தீர வேண்டும்? 'காதுகளே விழியாகும்' என்று சொன்னால் கேட்டாக வேண்டும். அது கிடைத்ததும் காதுகள் ஏன் விழியாயின என்பதற்கான மேல் வரிகள் தாமாக வரும்:

பனிவிழு பொழுதினிலே போனானே
கதவினில் இதுவரை தாழே இல்லை
இரவினில் இருவிழி காணா நேரம்
காதுகளே விழியாகும்...

'இதுவரை' என்பதில் உள்ள ரை ஐகாரம்தான். ஆனாலும் இடையிலும் கடையிலும் வரும் ஐகாரம் குறுகும் என்று இலக்கணமே சொல்வதால் அதை ஒரு மாத்திரையாகப் பாடுவதில் தவறில்லை. மெட்டு உச்சத்தில் நின்று நீளும் இடத்தில் 'போனானே' போன்ற நெடில்கள் வருவதும் நல்லது. அங்கே குறிலை வல்லொற்று அடைக்கும் சொல்லை வைத்தால் பாடகர் நீட்டவே முடியாது.

இரண்டாம் சரணத்தின் கடைசி வரி 'போனது வேறொரு பிள்ளை' என்று இருக்கட்டும். உடனே பல்லவி: 'வாசலிலே ஒரு காலடி ஓசை'. ஓர் எழுத்துகூட மாறவில்லை, பொருள் மட்டும் மாறிவிட்டது. முதல் தடவை அது செய்தி. முதல் சரணத்துக்குப் பின் அது அவளுடைய பிரமையாக இருக்கலாம். இரண்டாம் சரணத்துக்குப் பின், ஏமாந்தும் மறுபடி எழுந்து ஓடுகிறாள் என்று ஆகிறது. கதை நகர்ந்துவிட்டது. மாறாக அந்த இடத்தில் 'கண்ணீரே என் வாழ்க்கை' என்று முடித்திருந்தால் அது சோகமான வரியாக இருக்கும், ஆனால் காலடி ஓசைக்கும் அதற்கும் எந்த உறவும் இருக்காது.

இசையிலும் இதே நியாயம் உண்டு. சரணத்தின் கடைசி வரி ஆதார ஷட்ஜத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால், பாட்டு முடிந்துவிட்டதாகவே காது நினைக்கும். பல்லவி காந்தாரத்தில் தொடங்கினால், சரணத்தை ரிஷபத்தில் நிறுத்திப் பார்க்கலாம். ரிஷபத்தில் காது நிம்மதியாக நிற்காது. அடுத்த ஸ்வரத்தைத் தேடும். சொல்லும் ஸ்வரமும் ஒரே இடத்தில் முடியாமல் நின்றால் பல்லவி வந்துதான் இரண்டையும் முடித்துவைக்க வேண்டும்.

எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்துமா என்றால், இல்லை. குத்துப்பாட்டில் முதல் வரி பெரும்பாலும் ஓசைக்காகவே வருகிறது. அங்கே பொருள் தொடர்ச்சியைத் தேடுவது வீண் வேலை. ஆனால் ஒரு நிலைமையை, ஒரு மனத்தைச் சொல்ல வரும் மெல்லிசைப் பாட்டில், திரும்பி வரும் வரி வெறும் ஞாபகமூட்டலாக நின்றுவிட்டால் எழுதியவர் தன் கையிலிருந்த பெரிய வசதியை வீணடித்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

சோதித்துப் பார்க்க மெட்டுகூட வேண்டாம். சரணத்தின் கடைசி வரியையும் பல்லவியின் முதல் வரியையும் சேர்த்து, ராகம் இல்லாமல், பேசுவது போலச் சொல்லிப் பார்த்தால் போதும். 'காதுகளே விழியாகும், வாசலிலே ஒரு காலடி ஓசை.' ஒரே மூச்சில் ஒரே பேச்சாக வந்தால் சரணம் தேறியது. 'சரி, அதற்கென்ன?' என்று கேட்கத் தோன்றினால், திருத்த வேண்டியது பெரும்பாலும் அந்தக் கடைசி வரி ஒன்றைத்தான். இரண்டு சரணங்களிலும் அப்படித் திருத்திப் பார்த்தும் ஒட்டவில்லை என்றால், பல்லவியின் முதல் வரியே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.