புள்ளி வைத்த நேரமும் குறைந்துபோகும் கூலியும்

டைம் ஆபீசில் உட்கார்ந்து மாதக் கடைசியில் மஸ்டர் ரோலை எக்செல் தாளில் ஏற்றுகிறவர்கள், விசைப்பலகையின் வலப்பக்கம் இருக்கும் எண்கட்டத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் புள்ளி இருக்கிறது, முக்காற்புள்ளி இல்லை. முக்காற்புள்ளி வேண்டுமானால் கையை எடுத்து, ஷிப்ட் விசையை அழுத்தி, வேறு இடத்தில் தட்ட வேண்டும். இருநூறு பேருக்கு வந்த நேரம், போன நேரம் என்று மாதம் முழுக்க அடிக்கிறவர் அதைச் செய்யமாட்டார். 9.30 என்று அடித்துவிட்டுப் போவார். நாளிதழும் அழைப்பிதழும் காலை 9.30 மணி என்றுதான் அச்சிடுகின்றன. எழுதும் பழக்கத்தில் பிழையில்லை. அதைப் படிக்கும் மென்பொருளுக்கு அது நேரம் என்று தெரியாததுதான் சிக்கல். அதற்கு அது ஒன்பதும் பத்தில் மூன்று பங்கும்.

இது எல்லோரும் அறிந்ததுதானே என்று சிலர் நினைக்கலாம். அறிந்தவர்கள்கூடப் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு: இந்தப் பிழை எல்லோருடைய கணக்கையும் ஒரே பக்கம் சாய்ப்பதில்லை. ஒருவர் மணியைக் குறைக்கிறது, பக்கத்து மெஷின்காரர் மணியைக் கூட்டுகிறது. அதனால்தான் அது ஆண்டுக்கணக்கில் பிடிபடாமல் இருக்கிறது.

ஓர் இயந்திரப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். முதல் தொழிலாளி 9.00க்கு வருகிறார், 18.45க்குப் போகிறார், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். தாள் 18.45இலிருந்து 9.00ஐயும் 1.00ஐயும் கழித்து 8.45 என்று காட்டும். அவர் வேலை பார்த்தது 8 மணி 45 நிமிடம். அதுவரை சரியாகவே தெரிகிறது. ஆனால் அடுத்த கட்டத்தில் அந்த 8.45ஐ மணிக்கூலியால் பெருக்குகிறோம். முக்கால் மணி நேரம் என்பது 0.75. பெருக்கலில் போனதோ 0.45. ஒரு நாளில் 18 நிமிடம் காணாமல் போயிற்று.

இரண்டாமவர் 8.50க்கு வந்து 18.10க்குப் போகிறார், சாப்பாட்டு நேரம் அதேதான். தாள் 8.60 என்று காட்டும். அவர் உண்மையில் பார்த்தது 8 மணி 20 நிமிடம், அதாவது 8.33. இவருக்கு 16 நிமிடம் கூடுதல். கூட நேரம் உழைத்தவருக்கு 8.45, குறைவாக உழைத்தவருக்கு 8.60. இருவரையும் கூட்டினால் 17.05 வருகிறது. இருவரும் சேர்ந்து உழைத்ததும் 17 மணி 5 நிமிடம்தான்! பிரிவு வாரியாக மொத்தத்தை மட்டும் சரிபார்க்கும் மேலாளர் கண்ணுக்கு இதில் ஒரு குறையும் தெரியாது.

பிழையின் அளவைச் சொல்ல ஓர் எளிய விதி இருக்கிறது. போன நேரத்தின் நிமிடத்திலிருந்து வந்த நேரத்தின் நிமிடத்தைக் கழியுங்கள். சாப்பாட்டு நேரம் முழு மணியாக இருந்தால், வரும் விடையில் பத்தில் நான்கு பங்குதான் அன்றைய பிழை, நிமிடக் கணக்கில். முதலாமவருக்கு 45 கழித்தல் 0, அதில் பத்தில் நான்கு 18; அது அவருக்கு நட்டம். இரண்டாமவருக்கு 10 கழித்தல் 50 என்றால் மைனஸ் 40, அதில் பத்தில் நான்கு 16. அது அவருக்கு லாபம். ஆகவே முழு மணிக்கு உள்ளே வந்து, மணி தாண்டியும் நின்று வேலையை முடித்துவிட்டுப் போகிறவர்தான் ஒவ்வொரு நாளும் இழக்கிறார். ஓ.டி. பார்க்கிறவர்களில் பலர் இந்த வகையினர்.

ஓ.டி.யில் இந்த அடி இரட்டிப்பாகும். வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் இருமடங்கு கூலி என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவிலேயே இருந்த விதி. முதல் தொழிலாளி நாளொன்றுக்கு எட்டு மணி போக முக்கால் மணி கூடுதலாகப் பார்க்கிறார். 26 நாளுக்கு 19.5 மணி. தாள் காட்டுவது 11.7 மணி. மணிக்கூலி 80 ரூபாய் என்றால் ஓ.டி. 160 ரூபாய். வரவேண்டியது 3,120, வந்தது 1,872. ஒரு மாதத்தில் 1,248 ரூபாய் குறைவு. அவர் வந்து கேட்டால் தாளைத் திருப்பிக் காட்டுவோம், அதில் 8.45 என்று இருக்கும். அவரும் எட்டே முக்கால் என்று படித்துச் சமாதானமாகிப் போவார். இந்த இடம்தான் என்னை வருத்துகிறது. தன் கணக்கைத் தானே சரிபார்க்க வந்தவரையும் அந்தத் தாள் ஏமாற்றிவிடுகிறது.

பழைய தாளில் இந்தக் கோளாறு உண்டா என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. நேரத்தைக் கால்மணிக்கு முழுமையாக்கும் நிறுவனமாக இருந்தால், மொத்த மணிப் பத்தியில் புள்ளிக்குப் பிறகு 00, 25, 50, 75 மட்டுமே வரமுடியும். 15, 30, 45, 55, 70, 85 தென்பட்டால் புள்ளி நேரத்தை நேரடியாகக் கழித்திருக்கிறார்கள். இன்னொரு வழி, சந்தேகமான கட்டத்தின் வடிவத்தை நேரம் என்று மாற்றிப் பார்ப்பது. 9.30 என்று இருந்த கட்டம் 7:12 என்று காட்டும். எக்செலுக்கு முழு எண் என்பது நாள், பின்னம் என்பது நாளின் பகுதி. 9.3 என்பது ஒன்பது நாளும், ஒரு நாளின் பத்தில் மூன்று பங்கும். அந்த மூன்று பங்கு 7 மணி 12 நிமிடம். உண்மையான 9:30 உள்ளே 0.3958 என்று இருக்கும்.

இங்கேதான் அவசரத் திருத்தங்கள் புதிய கேட்டைக் கொண்டுவருகின்றன. பலரும் முதலில் செய்வது, பத்தியைத் தேர்ந்து புள்ளியை முக்காற்புள்ளியாக மாற்றும் தேடி மாற்றல். கட்டத்தில் 9.30 என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது 9.3 மட்டுமே, கடைசிச் சுழியம் அடித்த கணமே போய்விட்டது. மாற்றினால் 9:3 ஆகும், அதை எக்செல் 9:03 என்று எடுத்துக்கொள்ளும். 18.10 என்பது 18:01 ஆகும். 9.00 என்பது உள்ளே வெறும் 9. அதில் மாற்றப் புள்ளியே கிடையாது, அப்படியே நிற்கும். 18.45 மட்டும் 18:45 என்று ஒழுங்காக மாறும். சரியானதும் தவறானதும் கலந்து நிற்பதால், மேலோட்டமாகப் பார்க்கிறவர் சரியானவற்றைப் பார்த்துத் திருப்தியடைவார். 24ஆல் வகுப்பது இன்னொரு தவறு, 9.30 அதில் 9:18 ஆகும்.

ஏற்கெனவே அடித்துவைத்த பத்தியை மாற்ற இந்தச் சூத்திரம் போதும்:

```
=TIME(INT(A2),ROUND(MOD(A2,1)*100,0),0)
```

நடுவில் இருக்கும் ROUND அலங்காரத்துக்கு அல்ல. கணினி 9.29ஐத் துல்லியமாகச் சேமிப்பதில்லை. பின்னத்தைப் பிரித்து நூறால் பெருக்கினால் 29க்கு ஒரு மயிரிழை குறைவாக வரும். TIME மிச்சத்தை வெட்டிவிடும் இயல்புடையது. ROUND இல்லாவிட்டால் 28 நிமிடம் ஆகிவிடக்கூடும். இந்தச் சூத்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. யாராவது ஒன்பதே முக்காலைத் தசமமாக 9.75 என்று அடித்திருந்தால், TIME மறுக்காது. 75 நிமிடத்தை ஒரு மணி 15 நிமிடம் என்று எடுத்து 10:15 என்று தந்துவிடும். ஆகவே மாற்றுவதற்கு முன் புள்ளிக்குப் பின் 59ஐத் தாண்டிய கட்டங்களைத் தனியே எடுத்து, மஸ்டர் ரோலோடு ஒத்துப்பார்த்தே ஆகவேண்டும். சில நாள் 9:30 என்றும் சில நாள் 9.30 என்றும் கலந்து அடித்த தாளில் ஒன்றுக்குக் குறைவான கட்டங்களையும் இப்படியே தனியே எடுக்க வேண்டும். முக்காற்புள்ளி வைத்த 8:45 கூட்டலில் 0.36 என்றுதான் சேரும்; முழு நாள் உழைப்பு அரை மணிக்கும் குறைவாகச் சுருங்கிவிடும்.

இனி அடிக்கப்போகும் தாளுக்கு என்ன செய்வது? சரிபார்ப்பு விதியில் நேரம் என்று வைத்து, 0:00 முதல் 23:59 வரை மட்டும் ஏற்கச் சொல்லலாம். அது 9.30ஐத் தடுக்கும். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து பன்னிரண்டரைக்குப் போனவருக்கு 0.30 என்று அடித்தால், அது ஒன்றுக்குக் குறைவான எண் என்பதால் உள்ளே போய்விடும், 7:12 ஆகிவிடும். 6 மணி 42 நிமிடக் கூலி தவறாகப் போகும்.

என் பரிந்துரை, புள்ளியும் வேண்டாம், முக்காற்புள்ளியும் வேண்டாம் என்பதே. 930, 1845 என்று இலக்கங்களை மட்டும் அடிக்கட்டும். எண்கட்டத்தை விட்டுக் கை நகர வேண்டியதில்லை. உண்மையில் ஒரு தட்டல் மிச்சம். நள்ளிரவு பன்னிரண்டரையை 2430 என்று அடிக்கச் சொல்லுங்கள். கட்டத்துக்கான விதி:

```
=AND(A2=INT(A2),A2>=100,A2<=2459,MOD(A2,100)<60)
```

பழக்க தோஷத்தில் 9.30 அடித்தால் மறுக்கும். 9.00 அடித்தால் அது 9 ஆகிவிடும், நூறுக்குக் குறைவு என்று அதையும் மறுக்கும். 975 அடித்தால் 75 நிமிடம் என்று மறுக்கும். பக்கத்துப் பத்திகளில் மாற்றமும் நிமிடக் கணக்கும். Aஇல் அடித்தது Bஇல் வந்த நேரமாகும்; Cஇல் அடித்தது Dஇல் போன நேரமாகும், அங்கே A2க்குப் பதில் C2 என்று வையுங்கள்; E சாப்பாட்டு நிமிடம்:

```
=TIME(INT(A2/100),MOD(A2,100),0)
=ROUND(MOD(D2-B2,1)*1440,0)-E2
```

இரவு ஷிப்டில் போன நேரம் சிறிதாக இருந்தாலும் MOD பார்த்துக்கொள்ளும். மாதம் முழுக்க நிமிடத்திலேயே கூட்டுங்கள். கூலி போடும் கடைசி வரியில் மட்டும் 60ஆல் வகுங்கள். முதல் தொழிலாளிக்கு நாளுக்கு 525 நிமிடம், 26 நாளுக்கு 13,650, வகுத்தால் 227.5 மணி. ஒன்றை மறக்காதீர்கள்: வேறொரு தாளிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் சரிபார்ப்பு விதி வேலை செய்யாது. கைரேகைக் கருவியின் கோப்பிலிருந்து ஒட்டுகிறவர்கள் அதே விதியைத் தனிப் பத்தியில் சூத்திரமாகவும் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடந்த மாதங்களின் தாள்களைத் திறந்து பாருங்கள். குறைந்துபோன தொகையை, எந்த மாதத்துக்கு எத்தனை நிமிடம் என்று சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டி, கேட்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். கூடுதலாகப் போனதைத் தொழிலாளியிடம் பிடிக்க வேண்டாம் என்று நிர்வாகத்திடம் வாதாடுங்கள். அந்தப் பிழையை அவர் செய்யவில்லை.